பத்து லட்சம் குழந்தைகள், 4 சதவீத வித்தியாசம்: டெவ்டா ஆய்வை எடைபோட்ட கதை

முதுநிலை மாணவி ஒருவர் தன் ஆய்வேட்டின் முன்னுரையைப் படித்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்திருந்தார். அங்கன்வாடி மூலம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கும் வைட்டமின் ஏ மருந்து உண்மையில் எத்தனை பிள்ளைகள் வாயில் போய்ச் சேருகிறது என்பதுதான் அவர் எடுத்த தலைப்பு. முன்னுரையின் மூன்றாவது வரி இப்படி இருந்தது: "வைட்டமின் ஏ கொடுப்பதால் குழந்தை இறப்பு 24 சதவீதம் குறைகிறது." அந்த வரிக்குப் பக்கத்தில் "டெவ்டா எங்கே?" என்று பென்சிலால் எழுதித் திருப்பிக் கொடுத்தேன். டெவ்டா இதே மருந்தைச் சோதித்த ஒரு மாபெரும் ஆய்வு.

மறுநாள் வந்தார். "அந்தப் பேப்பரைப் பார்த்தேன் சார். ரிசல்ட் நெகட்டிவ்னு இருந்துச்சு. அதனால விட்டுட்டேன்."

அவர் சோம்பலில் விடவில்லை. தேடியிருக்கிறார், கண்டெடுத்திருக்கிறார், சுருக்கத்தைப் படித்திருக்கிறார். படித்த பிறகுதான் விட்டிருக்கிறார். பலன் தெரியவில்லை என்று ஓர் ஆய்வு சொன்னால், அதில் எடுத்துச் சொல்ல ஒன்றும் இல்லை என்ற எண்ணம் நம் துறையில் அவ்வளவு ஊறிப்போயிருக்கிறது. அன்று மாலை இருவரும் உட்கார்ந்து அந்த ஆய்வுக் கட்டுரையை வரி வரியாகப் படித்தோம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

24 எங்கிருந்து வந்தது

வைட்டமின் ஏ கதை இந்தோனேசியாவின் ஆச்சே பகுதியில் சூடு பிடித்தது. ஆல்ஃப்ரெட் சாமரும் அவருடைய குழுவினரும் 450 கிராமங்களில் நடத்திய ஆய்வு 1986இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. வைட்டமின் ஏ கொடுத்த கிராமங்களில் சிறு பிள்ளைகளின் இறப்பு 34 சதவீதம் குறைவாக இருந்தது. கண்ணுக்கு என்று நினைத்துக் கொடுத்த மருந்து உயிரையே காக்கிறது என்ற செய்தி அது. உலகம் திரும்பிப் பார்த்தது.

1990இல் நம் பக்கத்திலிருந்து இரண்டு ஆய்வுகள் வந்தன. ஒன்று தமிழ்நாட்டில் நடந்தது. பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு ஓராண்டு காலம் வாரம் ஒருமுறை சிறு அளவில் வைட்டமின் ஏ கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து பெற்றவர்களில் இறப்பு பாதிக்கும் கீழே இறங்கியது. இன்னொன்று ஹைதராபாத்தைச் சுற்றிய கிராமங்களில் நடந்தது. ஏறக்குறைய அதே எண்ணிக்கைக் குழந்தைகள். ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெரிய அளவு. அங்கே இறப்பில் வித்தியாசமே தெரியவில்லை. எந்த ஆய்வு அடுத்த இருபது ஆண்டுகள் மேடைகளில் ஒலித்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு கானா, நேபாளம் என்று பல இடங்களில் ஆய்வுகள் நடந்தன. அவற்றையெல்லாம் சேர்த்துச் செய்த தொகுப்பாய்வுகள் 2010, 2011இல் வெளிவந்தன. கூட்டிப் பார்த்தால், மருந்து பெற்றவர்களின் இறப்பைப் பெறாதவர்களின் இறப்பால் வகுத்து வரும் விகிதம் 0.76. அதன் நம்பக இடைவெளி, அதாவது உண்மை எண் இருக்கக்கூடிய எல்லை, 0.69 முதல் 0.83 வரை. அதாவது 24 சதவீதம் குறைவு. மாணவியின் மூன்றாவது வரியில் இருந்தது இந்த எண்தான்.

அந்த இறப்புக் கணக்கில் சேர்ந்த அத்தனை குழந்தைகளையும் கூட்டினாலும் இரண்டு லட்சத்தைத் தாண்டவில்லை. ஆனால் அவை வெளிவந்த சமயத்தில், அதைப்போல ஐந்து மடங்கு பெரிய ஓர் ஆய்வு உத்தரப் பிரதேசத்தில் நடந்து முடிந்து ஆறாண்டுகள் ஆகியிருந்தன. அதன் முழுக் கட்டுரை இன்னும் அச்சேறவில்லை.

டெவ்டா செய்தது என்ன

குடற்புழு நீக்கம், வைட்டமின் ஏ இரண்டையும் ஒரே ஏற்பாட்டில் சோதித்த ஆய்வு டெவ்டா. லக்னோவைச் சேர்ந்த ஷாலி அவஸ்தியும் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ரிச்சர்ட் பீட்டோவும் முன்னின்று நடத்தினார்கள். 1999இல் தொடங்கி 2004இல் முடிந்தது. கட்டுரை லான்செட்டில் வந்தது 2013 மார்ச்சில்.

72 வட்டாரங்கள், 8,338 அங்கன்வாடி மையங்கள், அவற்றின் எல்லைக்குள் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் பத்து லட்சம். அக்கம்பக்கமாக இருந்த நான்கு நான்கு வட்டாரங்களை ஒரு தொகுப்பாக எடுத்து, எது எதற்கு எந்த மருந்து என்பதைக் குலுக்கல் முறையில் ஆக்ஸ்ஃபோர்டில் முடிவு செய்தார்கள். 36 வட்டாரங்களில் வைட்டமின் ஏ கொடுத்தார்கள், 36இல் கொடுக்கவில்லை. கொடுக்காத இடங்களில் போலி மருந்தும் இல்லை.

நம் ஊரில் வைட்டமின் ஏ என்றால் மஞ்சள் திரவம், அளவு கரண்டி: ஒன்பதாம் மாதத்தில் ஒரு மில்லி, அதற்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு மில்லி. டெவ்டாவில் அது குளிகையாக இருந்தது. இரண்டு லட்சம் யூனிட் ரெட்டினால் எண்ணெயில் கலந்து உள்ளே இருக்கும். அங்கன்வாடிப் பணியாளர் அதன் நுனியை வெட்டி, பிள்ளையின் வாய்க்குள் பிழிந்து விட வேண்டும். கல்லீரல் அதைச் சேமித்து வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் செலவழிக்கும் என்பதுதான் ஆறு மாத இடைவெளிக்குக் காரணம். இப்படி 11 முறை கொடுத்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லா மையங்களுக்கும் ஆள் போய், அந்த எல்லைக்குள் எந்தப் பிள்ளை இறந்தது என்று குறித்து வந்தார்கள். மொத்தம் ஒரு லட்சம் வருகைகள். ஒன்று முதல் ஆறு வயதுக்குள் நேர்ந்த இறப்புகள் 25,000.

இந்த எண்ணில் நான் எப்போதும் கொஞ்ச நேரம் நின்றுவிடுவேன். ஒவ்வொன்றும் ஒரு வீட்டில் நடந்த சாவு. அந்தத் தகவல் ஒன்பதாண்டு காலம் கட்டுரையாக வராமல் இருந்தது.

முடிவு இது. ஒரு மையத்துக்கு ஐந்தாண்டில் சராசரியாக, வைட்டமின் ஏ கொடுத்த பக்கம் 3.01 இறப்பு, கொடுக்காத பக்கம் 3.15. விகிதம் 0.96, நம்பக இடைவெளி 0.89 முதல் 1.03 வரை. பலனே இல்லாவிட்டாலும் தற்செயலாக இவ்வளவு வித்தியாசம் வர எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் பி மதிப்பு 0.22.

மாணவி படித்துவிட்டு நிறுத்திய இடம் இதுதான். 0.22 என்பது வழக்கமான எல்லையான 0.05ஐ விடப் பெரியது, ஆகவே நெகட்டிவ், ஆகவே விடலாம்.

முதல் கேள்வி: "இல்லை" என்கிறதா, "தெரியவில்லை" என்கிறதா

பி மதிப்பை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு நம்பக இடைவெளியின் இரு முனைகளையும் பாருங்கள் என்றேன். கீழ்முனை 0.89. அப்படியென்றால் இந்தத் தரவுக்கு ஒத்துவரும் மிக நல்ல பலன் ஏறத்தாழ 11 சதவீதம். மேல்முனை 1.03. மிக மோசமான நிலையில் 3 சதவீதத் தீங்கு. இந்த எல்லைக்குள் 24 சதவீதம் இல்லை, பக்கத்தில்கூட இல்லை.

இப்போது 1990இன் ஹைதராபாத் ஆய்வை வைத்துப் பார்ப்போம். அதுவும் பலன் தெரியவில்லை என்றுதான் சொன்னது. ஆனால் பதினாறாயிரம் பிள்ளைகளை ஓராண்டுக் காலம் பார்த்தால் இறப்புகளின் எண்ணிக்கை சிறியதாகவே இருக்கும். அதனால் நம்பக இடைவெளி மிக அகலம். 24 சதவீதப் பலன் அதற்குள் தாராளமாக அடங்கும். அதே அளவு தீங்கும் அடங்கும். அந்த ஆய்வு தனியாக நின்று எதையும் மறுக்கவில்லை.

இரண்டு கட்டுரைகளின் சுருக்கத்திலும் "குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை" என்ற பொருளில்தான் வாக்கியம் இருக்கும். ஆனால் ஒன்று, எனக்குத் தெரியவில்லை என்கிறது. மற்றது, நீங்கள் எதிர்பார்த்த அளவு இங்கே கிடைக்கவில்லை என்று உறுதியாகச் சொல்கிறது. பலன் தெரியாத ஆய்வு கைக்கு வந்தால் நான் முதலில் செய்வது இந்தப் பிரிப்புதான். எதிர்பார்த்த பலனின் அளவை எழுதிக்கொண்டு, அது இடைவெளிக்கு உள்ளே விழுகிறதா வெளியே விழுகிறதா என்று பார்ப்பேன்.

இதே இடத்தில் இன்னொன்றையும் காட்டினேன். ஆய்வாளர்கள் பத்து லட்சம் பிள்ளைகளைத் தனித்தனியாக எண்ணிக் கணக்குப் போடவில்லை. குலுக்கியது வட்டாரங்களைத்தான், ஆகவே கணக்கும் 36க்கு 36 வட்டாரம் என்றே போட்டார்கள். ஒரு வட்டாரத்துப் பிள்ளைகள் ஒரே சாலை, ஒரே மருத்துவமனை, ஒரே தட்டம்மை அலை என்று வாழ்கிறவர்கள்; அவர்களைத் தனித்தனிச் சாட்சிகளாக எண்ண முடியாது. எண்ணினால் என்ன ஆகும் என்று தாளில் போட்டுப் பார்த்தோம். மையங்கள் இரு பக்கமும் சமம் என்று வைத்துக்கொண்டால், ஒரு பக்கம் சுமார் 12,550 இறப்பு, மறுபக்கம் சுமார் 13,130. அந்தக் கணக்கில் நம்பக இடைவெளி ஏறத்தாழ 0.93 முதல் 0.98 வரை சுருங்கிவிடுகிறது. அதாவது வட்டாரங்களை மறந்துவிட்டு எழுதியிருந்தால் இதே தரவு "வைட்டமின் ஏ இறப்பைக் குறைக்கிறது, வித்தியாசம் குறிப்பிடத்தக்கது" என்று வெளிவந்திருக்கும். மாணவியும் மேற்கோள் காட்டியிருப்பார். சரியாகக் கணக்குப் போட்டதால் அது நெகட்டிவ் ஆனது.

இரண்டாவது கேள்வி: மருந்து போய்ச் சேர்ந்ததா

டெவ்டா வெளிவந்ததும் கடும் எதிர்ப்பு கிளம்பியது. சாமர், கீத் வெஸ்ட், ரெய்னால்டோ மார்ட்டோரெல் ஆகியோர் அதே ஆண்டு அதே இதழில் எழுதினார்கள். அங்கன்வாடிப் பணியாளர்களுக்குக் கொடுத்த பயிற்சி போதாது, மேற்பார்வை போதாது, 86 சதவீதப் பிள்ளைகள் மருந்து பெற்றார்கள் என்ற மதிப்பீட்டை நம்ப முடியாது என்பது அவர்கள் வாதத்தின் சாரம். இது நியாயமான கேள்வி. மருந்தே உள்ளே போகவில்லை என்றால், பலன் இல்லை என்ற முடிவு மருந்தைப் பற்றியது அல்ல, விநியோகத்தைப் பற்றியது.

இதைச் சந்தேகமாகவே விட்டுவிடத் தேவையில்லை. கணக்குப் போடலாம். மருந்து உண்மையில் பெற்ற பிள்ளையிடம் பலன் 24 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். எல்லாருக்கும் போய்ச் சேராவிட்டால் அந்தப் பலன் நீர்த்துப்போகும். 86 சதவீதம் சேர்ந்திருந்தால் 21 சதவீதமாவது தெரிய வேண்டும். தெரிந்தது 4. அந்த 4ஐ விநியோகக் குறையால் மட்டுமே விளக்க வேண்டுமானால், ஆறில் ஒரு பிள்ளைக்குத்தான் மருந்து போயிருக்க வேண்டும். இடைவெளியின் நல்ல முனையான 11ஐ எடுத்துக்கொண்டாலும், பாதிக்கும் குறைவான பிள்ளைகளுக்குத்தான் போயிருக்க வேண்டும்.

அப்படி இருந்திருக்குமா? கட்டுரையிலேயே அதற்குச் சாட்சியம் இருக்கிறது. ஆண்டுதோறும் வட்டாரத்துக்கு ஒரு மையத்தைக் குலுக்கித் தேர்ந்து, ஒரு குழு போய்ப் பிள்ளைகளின் கண்ணைப் பார்த்தது, ரத்தம் எடுத்தது. வைட்டமின் ஏ குறைந்தால் கண்ணின் வெள்ளை விழியில், கருவிழிக்கு ஓரமாக, சோப்பு நுரை ஒட்டியதுபோல ஒரு சாம்பல் வெண்திட்டு வரும். பிட்டாட் புள்ளி என்பார்கள். மருந்து கொடுக்காத வட்டாரங்களில் அது 3.5 சதவீதப் பிள்ளைகளிடம் இருந்தது, கொடுத்த வட்டாரங்களில் 1.4 சதவீதம். ரத்தத்தில் கடும் குறைபாடு 13 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாக இறங்கியிருந்தது. ஆறில் ஒரு பிள்ளைக்கு மட்டும் மருந்து போயிருந்தால் பிட்டாட் புள்ளி பாதிக்கும் மேல் குறைந்திருக்க வழியில்லை. கொடுக்காத வட்டாரங்களிலும் அரசுத் திட்டம் வழியாகக் கொஞ்சம் மருந்து போயிருக்கலாமே என்பார்கள். போயிருந்தாலும், இந்த 3.5க்கும் 1.4க்கும் உள்ள இடைவெளி அதையெல்லாம் கழித்துக்கொண்டு மிஞ்சியதுதான்.

இதே எண்கள் இன்னொரு வாதத்தையும் தள்ளிவிடுகின்றன. அந்தப் பகுதியில் குறைபாடே இல்லை, அதனால்தான் மருந்து பலன் காட்டவில்லை என்று சொல்ல முடியாது. நூற்றுக்குப் பதின்மூன்று பிள்ளைகள் கடும் குறைபாட்டில் இருந்தார்கள்.

ஆனால் ஓர் ஓட்டை இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. கண்ணையும் ரத்தத்தையும் பார்க்கப் போன குழு, மையத்துக்கு வரும் பிள்ளைகளைச் சுலபமாகப் பார்த்திருக்கும். ஊர்க்கோடியில் இருக்கிற வீடு, செங்கல் சூளைக்குப் பிழைக்கப் போன குடும்பம், அங்கன்வாடிப் பக்கமே வராத பிள்ளை: மருந்து கிடைக்காததும் இவர்களுக்குத்தான், இறப்பு அதிகம் இருப்பதும் இவர்களிடம்தான். அப்படியானால் மாதிரியில் தெரியும் முன்னேற்றம் உண்மை, ஆனால் சாவு நடக்கும் வீடுகளை அது எட்டவில்லை என்று ஆகிவிடும். ரத்தப் பரிசோதனைகூட ஆய்வின் இரண்டாம் பாதியில்தான் நம்பும்படி இருந்தது என்று ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். என் மதிப்பீட்டில் இந்த ஓட்டை 4 சதவீதத்தை ஓரளவு மேலே தள்ளும். 24 வரை தள்ளாது. இது என் மதிப்பீடுதான், படிப்பவர் மாறுபடலாம்.

இறப்பைச் சரியாக எண்ணினார்களா என்ற கேள்வியை மாணவி தானாகவே கேட்டார். சில சாவுகள் விட்டுப்போயிருக்குமே? விட்டுப்போயிருக்கும். இரண்டு பக்கமும் ஒரே அளவில் விட்டுப்போனால் விகிதம் மாறாது: 300க்கு 315 என்பதும் 200க்கு 210 என்பதும் ஒன்றுதான். நடக்காத சாவு பதிவாகியிருந்தாலோ, வயது மாற்றி எழுதப்பட்டிருந்தாலோதான் விகிதம் 1ஐ நோக்கி நகரும். எந்தக் குறை முடிவை எந்தப் பக்கம் தள்ளும் என்று பிரித்துப் பார்க்காமல் "தரவு சரியில்லை" என்று மொத்தமாக ஒதுக்குவது எளிது. வித்தியாசம் தெரிந்த ஆய்வுகளிடம் இந்தக் கேள்விகளை நாம் இவ்வளவு கறாராகக் கேட்பதில்லை என்பதை நான் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன்.

மேற்கோளில் சேர்த்தால் என்ன மாறுகிறது

இந்தப் பகுதிக்காகத்தான் மாணவியை உட்கார வைத்தேன். முந்தைய ஆய்வுகள் எல்லாம் சேர்ந்து 0.76 என்கின்றன, டெவ்டா 0.96 என்கிறது. இரண்டையும் சேர்த்தால் எவ்வளவு? ஒவ்வொன்றின் நம்பக இடைவெளி எவ்வளவு குறுகலோ அவ்வளவு எடை கொடுத்துச் சராசரி எடுக்க வேண்டும். கால்குலேட்டர் போதும்.

```
se = ln(upper/lower) / 3.92      w = 1/se²

முந்தையவை : ln(0.83/0.69)/3.92 = 0.0471   w ≈ 450
டெவ்டா     : ln(1.03/0.89)/3.92 = 0.0373   w ≈ 720

(450*ln 0.76 + 720*ln 0.96) / 1170 = -0.131
exp(-0.131) ≈ 0.88
```

0.88. அதாவது 12 சதவீதம். 1170இல் 720 டெவ்டாவின் எடை. முந்தைய அத்தனை ஆய்வுகளையும் சேர்த்தால்கூட அதற்குக் குறைவு. இந்தக் கைக்கணக்கில் நம்பக இடைவெளி 0.83 முதல் 0.93 வரை வருகிறது.

பிறகு, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2017இல் வெளியிட்ட புதுப்பித்த தொகுப்பாய்வைத் திறந்து காட்டினேன். இறப்புக் கணக்கில் 19 ஆய்வுகள், பன்னிரண்டு லட்சம் பிள்ளைகள். விகிதம் 0.88, இடைவெளி 0.83 முதல் 0.93. மாணவி தாளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஆகவே, விட்டுவிடலாம் என்று நினைத்த ஒரே ஒரு கட்டுரை, முன்னுரையின் எண்ணைப் பாதியாக்குகிறது. அதே சமயம், மருந்துக்குப் பலனே இல்லை என்று அது சொல்லவில்லை. டெவ்டா ஆய்வாளர்களே தங்கள் முடிவை முந்தைய எட்டு ஆய்வுகளோடு சேர்த்துப் பார்த்து, 11 சதவீதம் குறைவு, பலனே இல்லை என்ற கருத்து நிற்காது என்று அதே கட்டுரையில் எழுதியிருக்கிறார்கள். "வைட்டமின் ஏ வீண் என்று டெவ்டா நிரூபித்துவிட்டது" என்று மேற்கோள் காட்டுகிறவரும், டெவ்டாவைக் காட்டாமலே விடுகிறவரும் அந்தக் கட்டுரையைக் கடைசிவரை படிக்கவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

இன்னொரு சிக்கலையும் சொல்லிவிட வேண்டும். அதே 2017 தொகுப்பாய்வில், வேறு முறையில் கணக்கிட்டால் மறுபடி 24 சதவீதமே வருகிறது. மேலே போட்ட கணக்கு, எல்லா ஆய்வும் ஒரே உண்மையைத்தான் அளக்கின்றன என்ற அனுமானத்தில் நிற்பது. ஆச்சேயில் ஒரு பலன், உத்தரப் பிரதேசத்தில் ஒரு பலன், கானாவில் இன்னொன்று என்று இடத்துக்கு இடம் உண்மையே மாறும் என்று கொண்டால், அந்த இடங்களின் சராசரியை எடுக்க வேண்டும். அந்த முறையில் பத்து லட்சம் பேர் கொண்ட ஆய்வுக்கும் பதினைந்தாயிரம் பேர் கொண்ட ஆய்வுக்கும் எடை ஏறக்குறைய நெருங்கி வந்துவிடும். டெவ்டா பலவற்றில் ஒன்றாகக் கரைந்துபோகும். அந்த முறை தவறு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இந்திய அங்கன்வாடியைப் பற்றி எழுதும் ஒருவர், இந்திய அங்கன்வாடியிலேயே நடந்த மாபெரும் ஆய்வைக் கரைத்துவிட்ட ஓர் எண்ணை, அது எப்படி வந்தது என்று சொல்லாமல் எடுத்தாள்வது முறையல்ல.

மேற்கோள் என்பது மரியாதை செலுத்தும் விஷயம் மட்டும் இல்லை. நாளை யாராவது இதே மருந்தைப் பற்றி இன்னோர் ஆய்வைத் திட்டமிடுவார்கள். எத்தனை குழந்தைகள் வேண்டும் என்று கணக்கிட, எதிர்பார்க்கும் பலனை முந்தைய கட்டுரைகளிலிருந்து எடுப்பார்கள். பலன் பாதியானால் தேவைப்படும் எண்ணிக்கை ஏறத்தாழ நான்கு மடங்காகும். 24 என்று நம்பித் தொடங்கினால், உண்மைப் பலன் 12 ஆக இருக்கும்போது அந்த ஆய்வு கால்வாசி அளவில்தான் அமையும். அது முடிந்த பிறகு "வித்தியாசம் தெரியவில்லை" என்று வரும். ஹைதராபாத் போல, எதையும் சொல்லாத இன்னொரு "தெரியவில்லை". பிள்ளைகளின் ரத்தமும் பணியாளர்களின் உழைப்பும் செலவான பிறகு.

2004இல் முடிந்த ஆய்வு 2013 வரை கட்டுரையாகாமல் இருந்த காலத்தில் எழுதியவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் கையில் அது இல்லை. நானும் அந்த ஆண்டுகளில் வகுப்பில் 24 என்றுதான் கற்றுக்கொடுத்தேன். இப்போது கையில் இருக்கிறது.

திருத்திய வரி

மாணவி எழுதி வந்த புதிய பத்தி இது: "2011 வரையிலான ஆய்வுகளின் தொகுப்பு குழந்தை இறப்பில் 24 சதவீதக் குறைவைக் காட்டியது. உத்தரப் பிரதேசத்தில் பத்து லட்சம் குழந்தைகளிடம் நடந்த டெவ்டா ஆய்வில் குறைவு 4 சதவீதம் மட்டுமே (இடைவெளி: 11 சதவீதக் குறைவு முதல் 3 சதவீத அதிகரிப்பு வரை). அதைச் சேர்த்த 2017 தொகுப்பாய்வில் பலன், கணக்கிடும் முறையைப் பொறுத்து, 12 அல்லது 24 சதவீதம். டெவ்டாவில் மருந்து சென்றடைந்த அளவு பற்றி விவாதம் உள்ளது." நான்கு வாக்கியம். கடைசி வாக்கியத்தை அவரே சேர்த்திருந்தார்.

அதைவிட என்னைத் தொட்டது வழிமுறைப் பகுதியில் அவர் செய்திருந்த மாற்றம். முதல் வரைவில், மையத்தின் வருகைப் பதிவேட்டிலிருந்து பிள்ளைகளைக் குலுக்கி எடுப்பதாக இருந்தது. அதை அடித்துவிட்டு, ஊரின் எல்லா வீடுகளையும் பட்டியலிட்டு அதிலிருந்து எடுப்பதாக மாற்றியிருந்தார். பதிவேட்டில் பேரே இல்லாத பிள்ளைகளுக்குத் தனிப் பத்தி ஒன்று வைத்திருந்தார். ஓரத்தில் காரணம் எழுதியிருந்தது: "டெவ்டாவில் விடை கிடைக்காத இடம்." களப்பணிக்கு இரண்டு வாரம் கூடுதலாகும் சார், பரவாயில்லையா என்று கேட்டார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.